முதல் ஐந்து நிமிடம்

வாய்மொழித் தேர்வில் பலர் இயல்களை வரிசையாக ஒப்பிக்கிறார்கள். தேர்வாளர் அவற்றைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆய்வு எதைப் புதிதாகக் காட்டியது என்பதே அவருக்கு வேண்டும்.

வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் இந்துப் பெண்களைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ‘மதம் நூல்களில் மட்டுமில்லை, அன்றாட வாழ்விலும் இருக்கிறது’ என்று தொடங்கினால் எடுபடாது. நியூயார்க் ஹார்லெமில் இத்தாலியர் எடுத்த மாதா திருவிழாவை வைத்து ராபர்ட் ஓர்சி 1985இலேயே அதைக் காட்டிவிட்டார்.

மாறாக, ‘ஓர்சி பார்த்தது பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்களை. நான் சந்தித்த பெண்கள் மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறார்கள், வீட்டில் மாரியம்மனையும் கும்பிடுகிறார்கள். இதை அவர்கள் மதமாற்றமாக நினைக்கவில்லை’ எனலாம். பங்களிப்பு அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

அடுத்து எல்லையையும் சொல்லிவிடுங்கள்: ஒரே ஊர்ப் பெண்களிடம் பேசியதை வைத்து எல்லாப் பயணிகளுக்கும் பொதுமைப்படுத்த முடியாது. நீங்கள் விட்டால் தேர்வாளர் அங்கேதான் பிடிப்பார்.