கைகள் இயங்காவிட்டாலும் கணினிப் பணி: குரல் கட்டளைகள் செயல்படுவது எப்படி?

பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்கிறது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. ஆனால், விபத்திலோ பக்கவாதத்திலோ கைகளின் இயக்கத்தை இழந்த ஒருவர், காப்பாற்றப்பட்ட அந்த இருக்கையில் அமர்ந்து கணினியில் அன்றாட வேலையைச் செய்வது எப்படி?

இதற்கான ஒரு வழி விண்டோஸ் 11 இயங்குதளத்திலேயே உள்ளது. Voice access என்ற அந்த வசதிக்குத் தனிக் கட்டணம் இல்லை. மொழிக்கோப்பைப் பதிவிறக்கிய பின், இணைய இணைப்பு இல்லாமலும் அது இயங்கும். கட்டளைகளை ஆங்கிலத்தில் சொல்லலாம். இந்திய ஆங்கிலத்தையும் தேர்ந்தெடுக்கலாம். முதன்முறை அமைத்துத் தர மட்டும் மற்றொருவரின் உதவி தேவைப்படலாம். கணினியில் உள்நுழைந்ததும் தானாக இயங்கும்படி அப்போதே அமைத்துவிடுவது நல்லது.

பெயர், எண், கட்டம்

திரையில் உள்ள பொத்தானுக்குப் பெயர் இருந்தால், "Click" என்பதோடு அப்பெயரைச் சொன்னால் போதும். பெயர் தெரியாவிட்டால் "Show numbers" எனச் சொல்ல வேண்டும். அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் மீதும் ஓர் எண் தோன்றும். உரிய எண்ணைச் சொன்னால் அது அழுத்தப்படும்.

சில மென்பொருள்கள் தம் பொத்தான்களின் விவரத்தை இயங்குதளத்துக்குத் தெரிவிப்பதில்லை. தொலைவிலுள்ள கணினியின் திரையைக் காட்டும் சாளரமும் வெறும் படமாகவே கருதப்படும். "Show numbers" சொல்லியும் அப்பகுதியில் எண்கள் தோன்றாததே இதற்கான அடையாளம். அப்போது "Show grid" உதவும். திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும்; ஒரு கட்டத்தின் எண்ணைச் சொன்னால் அது மேலும் ஒன்பதாகப் பிரியும். இவ்வாறு சுட்டியை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, "Click" எனலாம்.

திரை விசைப்பலகை எதற்கு?

வாக்கியங்களைப் பேசியே எழுதிவிடலாம். கடவுச்சொல், கோப்பு எண் போன்றவற்றில்தான் சிக்கல் எழுகிறது. எழுத்தும் எண்ணும் கலந்து வரும்போது, மென்பொருள் அவற்றை வேறு சொற்களாகப் புரிந்துகொள்ளக்கூடும். "Show keyboard" எனச் சொன்னால் திரையில் விசைப்பலகை தோன்றும். விசைகளின் மீது அடையாளக் குறிகள் இருக்கும். விசைக்குரிய குறியைச் சொன்னால், அந்த எழுத்து மட்டும் பதிவாகும். கடவுச்சொல்லை உரக்க எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை என்றாலும், திரையையும் பார்க்கக்கூடிய நிலையில் அருகில் ஒருவர் இருந்தால் எச்சரிக்கை தேவை.

ஒரு சொல்லில் பல செயல்கள்

காப்பீட்டு அலுவலகத்தில் நாள்தோறும் ஒரே வடிவில் பதில் கடிதம் எழுதும் ஊழியரை எடுத்துக்கொள்வோம். கடித மாதிரியைத் திறப்பது, அதற்கு வேறு பெயர் தரும் சாளரத்தை வரவழைப்பது ஆகிய படிகளை அவர் ஒவ்வொரு முறையும் தனித்தனியே சொன்னால் குரல் களைத்துவிடும். இத்தகைய தொடர் செயல்களை ஒரே கட்டளையில் பிணைக்கும் 'குரல் குறுக்குவழி' வசதி 2024-இல் சேர்க்கப்பட்டது.

அவர் "Claim reply" எனப் பெயரிட்டு மூன்று செயல்களை வரிசையாகச் சேர்க்கலாம். முதலில் மாதிரிக் கோப்பைத் திறத்தல். அடுத்து ஐந்து விநாடி காத்திருத்தல். பிறகு F12 விசையை அழுத்துதல். வேர்டு செயலியில் F12, கோப்பை வேறு பெயரில் சேமிக்கும் சாளரத்தைத் திறக்கும். மனுதாரரின் கோப்பு எண்ணைத் திரை விசைப்பலகையால் பதிந்து, "Press Enter" என்றால் கோப்பு சேமிக்கப்படும். அதன் பின் கடிதத்தைப் பேசி எழுதலாம்.

இடையிலுள்ள காத்திருப்பை விட்டுவிட்டால், வேர்டு திறப்பதற்குள் F12 அழுத்தப்பட்டு, முன்பு திறந்திருந்த சாளரத்துக்குச் சென்றுவிடும். குறுக்குவழி சில நாள் சரியாகவும் சில நாள் தவறாகவும் இயங்கினால், முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான். காத்திருப்பு நேரத்தை ஓரிரு விநாடி கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெயரிலும் கவனம் தேவை. "Reply" என்ற ஒற்றைச் சொல்லைக் கட்டளையாக்கினால், கடிதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது செயல்பட நேரிடலாம். எனவே, இயல்பான பேச்சில் சேர்ந்து வராத இரு சொற்களே ஏற்றவை. பிறருடன் பேச வேண்டியிருந்தால் "Voice access sleep" எனச் சொல்லி அதனை ஓய்வில் வைக்கலாம். "Voice access wake up" என்றதும் அது மீண்டும் செவிமடுக்கும்.

பலர் பேசும் கூடத்தில் பிழைகள் மிகும். ஆகவே, அத்தகைய ஊழியருக்கு அலுவலகம் தர வேண்டியவை, வாயருகே அமையும் ஒலிவாங்கியும் இரைச்சல் குறைந்த ஓர் இடமுமே.