கேள்வி புதுசு, பதில் பழசு

இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது பற்றி ஒருவர் கட்டுரை எழுதி முடித்துவிட்டார். புதுக் கல்லின் பிசுக்கைத் தேய்த்துக் கழுவுவது, சோறு வடித்த கஞ்சியை ஊற்றி ஓரிரு நாள் வைப்பது, நல்லெண்ணெய் தடவி மிதமான தீயில் காய வைப்பது, பாதி வெங்காயத்தால் தேய்ப்பது என எல்லாம் அதில் வந்துவிட்டது. அடியில் ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்று ஒரு பகுதி. அதன் முதல் கேள்வி: ‘புது தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி?’ இவ்வளவு நேரம் அதைத்தானே படித்தோம் என்று வாசகர் எழுந்து போய்விடுவார்.

இப்படிப்பட்ட கேள்விகள் பெரும்பாலும் கூகுளிலிருந்து வருகின்றன. எதையாவது தேடினால் முடிவுகளுக்கு நடுவே People also ask என்ற பெட்டியில் சில கேள்விகள் தெரியும். ஒன்றைத் தொட்டால் பதில் விரியும். கீழே புதிதாக இன்னும் சில கேள்விகள் முளைக்கும். தேடல் கட்டத்தில் பாதி எழுதும்போதே வரும் பரிந்துரைகளும், பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களும் இதே வகைதான். தமிழில் ஒருமுறை, ‘dosa kal’ என்று ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் ஒரே கேள்விகள் வருவதில்லை. தொட்டுக்கொண்டே போனால் கேள்விகள் நான்ஸ்டிக் தவா விலைக்குத் தாவிவிடும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

சேர்ந்த கேள்விகளை அப்படியே இறக்கி வைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. ‘தோசை ஏன் ஒட்டுகிறது?’, ‘தோசை ஒட்டாமல் வர என்ன செய்வது?’, ‘தோசை பிய்ந்து போவது ஏன்?’ என்று கேள்வி மூன்று, பதில் ஒன்றுதான். கேள்வியின் சொற்களைப் பார்த்தால் இது தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே வரியில் பதில் எழுதிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஒரே பதில் வருகிறவற்றை ஒன்றாகக் கட்டி, மக்கள் பேசுகிற மாதிரி இருக்கும் ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, அந்த ஒரு வரி பதில் கட்டுரையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கேள்வியை அடித்துவிடலாம். ஆனால் ‘எத்தனை முறை எண்ணெய் தடவ வேண்டும்?’ என்று பலரும் கேட்டு, கட்டுரையில் அது மேலோட்டமாகத்தான் இருக்கிறது என்றால், குறை கட்டுரையில். அங்கேயே திருத்த வேண்டும். அந்தப் பதில் தெரியாமல் வாசகர் வேலையைச் செய்யவே முடியாது என்றால் அதன் இடம் அடிப்பகுதி அல்ல. ‘இரும்பா, வார்ப்பிரும்பா, எதை வாங்கலாம்?’ போன்றவை தனிக் கட்டுரைக்கு உரியவை. நான்கு வரியில் அடக்கப் பார்த்தால் அரைகுறையாகத்தான் வரும்.

இத்தனையும் கழித்தபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதே கல்லில் சப்பாத்தி சுடலாமா? துரு பிடித்தால் என்ன செய்வது? சோப்பு போடலாமா? இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா? கல்லைப் பழக்கி முடித்தபின் வரும் சந்தேகங்கள் இவை.

பதில் எழுதும்போதுதான் மறுபடி வழுக்கும். துரு பற்றிய கேள்விக்குப் பலர் எழுதுவது இப்படி: ‘இரும்புத் தோசைக்கல் நம் சமையலறையின் முக்கியமான பாத்திரம். அதை முறையாகப் பழக்குவது அவசியம்...’ பிறகு கஞ்சி, எண்ணெய், வெங்காயம் எல்லாம் திரும்ப வரும். எழுத வேண்டியது இவ்வளவே: ‘தூக்கி எறிய வேண்டாம். கம்பி நாரால் துரு போகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, மேலே சொன்னபடி மறுபடி எண்ணெய் தடவிக் காய வையுங்கள். கழுவிய கல்லை ஈரத்தோடு வைத்தால் துரு திரும்பவும் வரும்.’ முதல் வாக்கியமே பதில். பழைய விஷயத்துக்கு ‘மேலே சொன்னபடி’ என்ற இரண்டு சொல் போதும்.

சப்பாத்திக் கேள்வி இன்னும் நல்லது, ஏனென்றால் அது கட்டுரை தொடாத ஒரு காரணத்தைக் கேட்கிறது. எண்ணெயில்லாமல் நல்ல சூட்டில் சப்பாத்தி சுட்டால் கல்லில் படிந்த எண்ணெய்ப் படலம் தீய்ந்து போகும். அதன் பின் ஊற்றும் தோசை ஒட்டும். வீட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கல் வைத்திருப்பது இதனால்தான்.

எழுதியது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. கட்டுரையில் ஏற்கெனவே வந்த வாக்கியங்களைப் பதில்களில் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். ஒரு பதிலில் பாதிக்கு மேல் கோடு விழுந்தால் அந்தக் கேள்வியே வேண்டாம்.

இந்தப் பகுதி ஊதிப் பெருத்ததற்குக் காரணமும் உண்டு. முன்பு இப்படிக் கேள்வி பதில் போட்டு, அதற்குரிய குறியீட்டையும் சேர்த்தால், கூகுள் முடிவிலேயே அவை விரிந்து தெரிந்தன; பார்வைக்கு இடம் கூடியது. 2023 ஆகஸ்டில் கூகுள் அதை நம்பகமான அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. எண்ணிக்கைக்காகப் பத்துக் கேள்வி சேர்த்தவர்களுக்கு அந்த ஆதாயமும் போயிற்று. தோசைக்கல் கட்டுரைக்கு அந்த நான்கு கேள்விகளே தாராளம்.