கடன் வாங்காமலே ஏறும் வட்டி

மும்பைக்கு மேற்கே, அரபிக்கடலில் 1974-இல் கண்டுபிடிக்கப்பட்டது மும்பை ஹை எண்ணெய் வயல். அங்கே கடலில் இரும்புக் கால் ஊன்றி நிற்கும் மேடைகளை, எண்ணெய் வற்றியபின் ஒருநாள் கழற்றிக் கரைசேர்க்க வேண்டும். கிணறுகளைச் சிமெண்ட் போட்டு அடைக்க வேண்டும். செலவு வருவது பல ஆண்டு கழித்துத்தான். ஆனாலும் மேடையை நட்ட அன்றே அந்தக் கடமை பிறந்துவிடுகிறது. அதனால் அன்றே அதைக் கணக்கில் ஏற்றச் சொல்கிறது ‘இண்ட் ஏஎஸ் 37’ என்ற கணக்கியல் தரம்.

எவ்வளவு ஏற்றுவது? ஒரு கற்பனை மேடையை எடுத்துக்கொள்வோம். அதை 5 ஆண்டு கழித்து அகற்ற 100 கோடி ரூபாய் ஆகும். வட்டி விகிதம் 8 சதவீதம். இன்று 68.06 கோடியைக் கூட்டு வட்டிக்கு விட்டால் 5 ஆண்டில் 100 கோடி ஆகும். ஆகவே இன்றைய மதிப்பு 68.06 கோடி. முதல் நாள் பதிவு: மேடை கணக்கு பற்று 68.06, அகற்றுதல் ஒதுக்கீடு வரவு 68.06. மேடையின் விலையோடு சேர்ந்த இந்தத் தொகை ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழியும்.

ஒதுக்கீடு என்றதும் எங்கோ பணம் எடுத்து வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது கொடுக்க வேண்டிய பொறுப்பு மட்டுமே. ஓர் ஆண்டு போனால் அந்த 100 கோடி ஓர் ஆண்டு நெருங்கி வந்துவிடுகிறது. பொறுப்பின் மதிப்பு அந்த அளவுக்கு ஏறுகிறது. ஆரம்பத்தில் கழித்த தள்ளுபடி இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது. முதல் ஆண்டு முடிவில் நிதிச் செலவு பற்று 5.44, ஒதுக்கீடு வரவு 5.44, நிலுவை 73.50 கோடி. அடுத்த ஆண்டு அந்த 73.50-க்கு 8 சதவீதம், அதாவது 5.88. பிறகு 6.35, 6.86, 7.41. ஐந்தாம் ஆண்டு முடிவில் நிலுவை சரியாக 100 கோடியில் வந்து நிற்கும். மேடையை அகற்றிப் பணம் கொடுக்கும்போது ஒதுக்கீடு பற்று, வங்கி வரவு. அதுவரை இதற்காகக் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை.

தவறு பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் நுழைகிறது. முதல் ஆண்டின் 5.44-ஐயே எல்லா ஆண்டும் எழுதினால் கடைசியில் 95.26 கோடிதான் இருக்கும், 4.74 கோடி துண்டு விழும். இன்னொரு குழப்பம், மதிப்பீடு மாறும்போது வருவது. மூன்றாம் ஆண்டு முடிவில் செலவு 110 கோடி ஆகும் என்று தெரிந்தால், கூடுதல் 10 கோடியின் அன்றைய மதிப்பான 8.57 கோடி மேடையின் விலையில் சேர வேண்டும். அதை நிதிச் செலவில் தள்ளக் கூடாது. காலம் நகர்ந்ததால் ஏறிய தொகைக்கு மட்டுமே அங்கே இடம்.

எண்ணெய் நிறுவனத்தின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால், நிதிச் செலவுக்கான குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். வங்கி வட்டிக்குப் பக்கத்திலேயே ‘அன்வைண்டிங் ஆஃப் டிஸ்கவுண்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகை எந்த வங்கிக்கும் போனதல்ல.