ஷாங்காயில் மட்டும் ஏன் வேறு விலை?

லண்டனில் தங்கம் அவுன்ஸுக்கு டாலரில் விலைபோகிறது. ஷாங்காய் தங்கச் சந்தையில் கிராமுக்கு யுவானில். ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். பல நாட்கள் வருவதில்லை.

காரணம், வாசலில் இருக்கும் காவல். சீன மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களே தங்கத்தை இறக்குமதி செய்யலாம்; அளவையும் அதுவே தீர்மானிக்கிறது. 2023 செப்டம்பரில் யுவான் சரிந்தது, மக்கள் தங்கத்தைத் தேடினார்கள், இறக்குமதியோ இறுகியது. ஷாங்காய் விலை லண்டனைவிட அவுன்ஸுக்கு 100 டாலருக்கும் மேல் எகிறியது.

2020இல் நேர்மாறு. கொரோனாவால் நகை விற்பனை படுத்தது. மிஞ்சிய தங்கத்தை வெளிநாட்டுக்கு எளிதில் அனுப்பவும் வழியில்லை. விலை லண்டனுக்குக் கீழே இறங்கியது. ஆகவே, ஷாங்காயின் கூடுதல் விலையைப் பார்த்து உலக விலையும் ஏறும் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள்.