தண்டுக்குத் துண்டு, தட்டுக்கு வளையம்

ஒரு துகளின் நிறையைச் சுழலும் அச்சிலிருந்து அது இருக்கும் தொலைவின் இருமடியால் பெருக்கினால் அதன் நிலைமத் திருப்புத்திறன் கிடைக்கும். ஆனால் தண்டு ஒரு துகள் அல்ல. அதன் ஒவ்வொரு பகுதியும் அச்சிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருக்கிறது. அதனால்தான் தண்டை வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1 மீட்டர் நீளமும் 1.2 கிலோகிராம் நிறையும் கொண்ட சீரான மெல்லிய தண்டு, நடுப்புள்ளி வழியாகச் செல்லும் செங்குத்து அச்சைச் சுற்றிச் சுழல்வதாகக் கொள்வோம். அதை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியின் நிறையும் அதன் மையத்தில் இருப்பதாகக் கணக்கிட்டால் விடை 0.075 கி.கி. மீ². பத்துத் துண்டாக வெட்டினால் 0.099. துண்டுகள் சிறுக்கச் சிறுக்க விடை 0.1-ஐ நெருங்குகிறது. விடை எப்போதும் குறைந்தே வருவதற்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு துண்டுக்கும் தன் மையத்தைச் சுற்றி ஒரு சிறு திருப்புத்திறன் இருக்கிறது, அதைக் கணக்கில் விட்டுவிடுகிறோம். துண்டின் நீளம் சுழியை நெருங்கும்போது அந்த விடுபாடும் மறைந்துவிடும். தொகையிடல் செய்யும் வேலை இதுதான்.

அச்சிலிருந்து x தொலைவில் உள்ள dx நீளத் துண்டின் நிறை (M/L)dx. எனவே,

I = ∫ (M/L) x² dx

எல்லைகளை −L/2 முதல் L/2 வரை இட்டால் ML²/12 வரும். அச்சு தண்டின் முனையில் இருந்தால் மாறுவது எல்லை மட்டுமே: 0 முதல் L வரை. அப்போது விடை ML²/3, அதாவது நான்கு மடங்கு.

வட்டத்தட்டுக்கு வெட்டும் விதம் மாறுகிறது. மையத்தின் வழியே தட்டுக்குச் செங்குத்தாக அச்சு இருந்தால், ஒரே மையம் கொண்ட மெல்லிய வளையங்களாக வெட்டுவதே வசதி. ஒரு வளையத்தின் எல்லாப் புள்ளிகளும் அச்சிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும். r ஆரமும் dr அகலமும் கொண்ட வளையத்தின் பரப்பு 2πr dr. தட்டின் மொத்தப் பரப்பு πR² என்பதால் வளையத்தின் நிறை

dm = 2Mr dr/R²

இதை r²-ஆல் பெருக்கி 0 முதல் R வரை தொகையிட்டால் MR²/2.

மாணவர்கள் சறுக்கும் இடமும் இந்த நிறைதான். தண்டின் பழக்கத்தில் dm = (M/R)dr என்று எழுதினால் MR²/3 என்ற தவறான விடை வரும். ஒரே அகலமுள்ள வளையங்களில் விளிம்பருகே உள்ளது மையத்தருகே உள்ளதைவிடக் கனமானது. அந்த எழுத்துமுறையோ எல்லா வளையங்களுக்கும் ஒரே நிறையைக் கொடுத்துவிடுகிறது. தொலைவில் உள்ள நிறை குறைந்துபோவதால் விடையும் குறைகிறது. dm-ஐ மட்டும் தனியே தொகையிட்டு M வருகிறதா என்று பார்த்தால் இந்தப் பிழை பிடிபடாது, ஏனெனில் இரண்டுக்கும் M-தான் வரும். பரப்பிலிருந்து dm-ஐ எழுதுவதே பாதுகாப்பு.

தட்டின் விட்டமே அச்சானால் வளையம் உதவாது. அதன் புள்ளிகள் விட்டத்திலிருந்து வெவ்வேறு தொலைவில் இருக்கும். அங்கே விட்டத்துக்கு இணையான மெல்லிய பட்டைகளாக வெட்ட வேண்டும், விடை MR²/4.