பாட்டிலில் இருப்பது எத்தனை மில்லி?

கைப்பேசியில் ஒரு பாட்டிலின் படம். கீழே ஒரு குரல்பதிவு: “சார், இந்தப் பூச்சி மருந்த மாட்டுக்கு எத்தன மில்லி ஊத்தணும்?” படத்தில் மருந்தின் பெயர் பெரிதாகத் தெரிந்தது. அதை வைத்து அளவு சொல்ல முடியாது. பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்து உள்ள பக்கத்தை வெயில் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

வந்த படத்தில் அல்பென்டசோல், ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் என்று இருந்தது. 2.5 சதவீதம் என்பதும் இதுதான். இதே மருந்து 10 சதவீதத்திலும் வருகிறது. அதில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றிய அளவைக் கேட்டு அப்படியே ஊற்றுவது இங்கேதான் ஆபத்தாகிறது.

உருளைப்புழுவுக்கு மாட்டின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 7.5 மில்லிகிராம் வேண்டும். லேபிளில் உள்ள இந்த 7.5-ஐ மில்லி என்று படித்துவிடுகிறவர்கள் உண்டு. அது மருந்தின் எடை. பாட்டிலிலிருந்து ஊற்றும் அளவு அல்ல.

“மாடு எவ்வளவு எடை இருக்கும்மா?”

“ஒரு இருநூத்தம்பது கிலோ இருக்கும் சார்.”

கண்மதிப்பு பெரும்பாலும் ஏமாற்றும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து, அந்தக் கயிற்றை அளக்கச் சொன்னேன். 60 அங்குலத் தையல் டேப் கறவை மாட்டுக்குப் பல நேரம் எட்டாது. சுற்றளவு 66 அங்குலம். தோள் முனையிலிருந்து வாலடியில் துருத்தி நிற்கும் எலும்பு வரை நீளம் 55 அங்குலம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். வந்தது 363. இதுவும் தோராயம்தான், ஆனாலும் கண்மதிப்பைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடுதல்.

363-ஐ 7.5-ஆல் பெருக்கினால் சுமார் 2,720 மில்லிகிராம். அதை 25-ஆல் வகுத்தால் 109 மில்லி. அந்த அம்மாவின் கணக்குப்படி 75 மில்லிதான் போயிருக்கும். குறைந்த அளவில் எளிய புழுக்கள் சாகும், மருந்தைத் தாங்கும் புழுக்கள் தங்கிப் பெருகும். அடுத்த முறை அதே மருந்து கேட்காது. 10 சதவீத பாட்டிலாக இருந்தால் இதே மாட்டுக்கு 27 மில்லி போதும்.

பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதும் லேபிளில் இருக்கும். அது குறிப்பிடப்படாத மருந்துக்குக் குறைந்தது 7 நாள் என்கிறது இந்திய மருந்து விதி.

கணக்கு முடிந்த பிறகு லேபிளின் எச்சரிக்கை வரிக்கு வந்தேன். “மாடு சினையா?”

“சினை ஊசி போட்டு இருபது நாளாச்சு சார்.”

சினையின் முதல் 45 நாளில் அல்பென்டசோல் கூடாது, கருவைப் பாதிக்கும். சினை பிடித்ததா என்று இன்னும் தெரியாவிட்டாலும், பிடித்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த பாட்டிலை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, சினைக்கு ஏற்ற ஃபென்பென்டசோல் எழுதிக் கொடுத்தேன். அதன் அளவு வேறு. கயிற்றில் அளந்த 363 மட்டும் அப்படியே உதவியது.