பசுமைக்குள் நுழையும் குலைநோய்

1919-இல் தஞ்சை டெல்டா நெல்வயல்களைச் சூறையாடிய குலைநோய், இன்றும் பனி இறங்கும் மாதங்களில் தலைகாட்டுகிறது. காரணம் ஒரு பூஞ்சை.

காற்றில் வரும் அதன் வித்து, ஈரமான இலையில் ஒட்டிக்கொண்டு சில மணி நேரத்தில் முளைக்கிறது. முளையின் நுனி கருநிறக் குமிழாகிறது. குமிழுக்குள் சேரும் கிளிசரால் வெளியிலிருந்து தண்ணீரை இழுக்க, உள்ளே கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு அழுத்தம் உண்டாகிறது. அந்த விசையில் ஒரு நுண்முளை இலையின் மேல்தோலைத் துளைத்து உள்ளே போகிறது. நான்கைந்து நாளில் இருமுனையும் கூர்ந்த, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு நிறமுள்ள புள்ளிகள் தெரியும். அவற்றிலிருந்து புதிய வித்துகள் கிளம்பும்.

யூரியா மிகுந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தழைச்சத்து கூடக்கூட, இலைக்கு உறுதி தரும் சிலிக்கா குறைகிறது. பூஞ்சைக்கு உணவாகும் அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. பயிர் அடர்ந்து நிற்பதால் பனி ஈரமும் சீக்கிரம் காயாது. கண்ணுக்குக் குளிர்ச்சியான கரும்பச்சை வயல்தான் முதலில் விழும்.

ஆகவே யூரியாவை மொத்தமாகக் கொட்டாமல், இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தவணையாக இடுங்கள். புள்ளிகள் தென்பட்டால் அடுத்த தவணையைத் தள்ளிப்போடுங்கள்.